அரை நைட் முடிந்து நடப்பவருக்கு ஒரு பாட்டு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

இரவு வேலை முடித்து, ஆளில்லாத வீதியில், அலுப்போடும் உள்ளுக்குள் கொஞ்சம் மிடுக்கோடும் வீட்டுக்கு நடக்கிற ஒருவருக்குப் பாட்டு எழுத வேண்டும். கேட்டவுடனே எழுதிவிடலாம் போலத்தான் தோன்றும். நிலா, தெருவிளக்கு, நீளும் நிழல், தூங்கும் ஊர் எல்லாம் தாமாகவே வரிசையில் வந்து நின்றுவிடும். வந்ததை அப்படியே எழுதினால் அது எந்த ஊர் ஆளுக்கும் பொருந்துகிற பாட்டாகிவிடும். கோயமுத்தூர் மில்லிலிருந்து திரும்புகிற ஆள் அதில் இருக்க மாட்டார். இந்தக் குறிப்புகள் அந்த ஒருவரைப் பாட்டுக்குள் கொண்டுவருவதற்காக. நடுநடுவே ஒரு பாட்டையும் வரிவரியாகக் கட்டிப் பார்ப்போம்.

முதலில் ஷிப்டை முடிவு செய்யுங்கள்

"நைட் ஷிப்ட்" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு எழுத உட்காராதீர்கள். கொங்கு மண்டல நூல் மில்களில் இரவு இரண்டாகப் பிரிகிறது. பல மில்களில் பகல் ஷிப்ட் காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4.30-க்கு முடியும். அங்கிருந்து நள்ளிரவு 1 மணி வரை ஓடுவது அரை நைட். 1 மணியிலிருந்து காலை 8 வரை முழு நைட். மில்லுக்கு மில் அரை மணி, ஒரு மணி முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் "இந்த வாரம் அரை நைட்டு" என்றால் வீட்டில் எல்லோருக்கும் புரியும்.

இதைப் பாட்டோடு சேர்த்துப் பாருங்கள். முழு நைட் முடித்தவர் காலை 8 மணிக்கு வெளியே வருகிறார். பள்ளிக்கூட வேன், பால் வண்டி, பகல் ஷிப்டுக்கு எதிரே ஓடிவருகிறவர்கள் என்று வீதி நிறைந்திருக்கும். வெயில் முகத்தில் அடிக்கும். அவர் பாட்டு கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடக்கிறவரின் பாட்டு. அதுவும் நல்ல பாட்டுத்தான், ஆனால் நம்மிடம் கேட்டது அதில்லை. ஆளில்லாத வீதி அரை நைட்காரருக்கே சொந்தம். மில் பஸ் அவரைத் திருச்சி ரோட்டிலோ காமராஜர் ரோட்டிலோ இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து நீலிக்கோணாம்பாளையத்துக்கோ வரதராஜபுரத்துக்கோ உள்ளே நடக்கிற தூரம்தான் பாட்டின் மொத்த நிலம்.

அலுப்பும் இதையொட்டியே மாறும். விழித்தே இருப்பவருக்குத் தூக்கம் மிக அழுத்துவது விடியலுக்கு முந்தைய மூன்று, நான்கு, ஐந்து மணிகளில். கண் எரிச்சலும் இமைக் கனமும் முழு நைட்காரர் சுமப்பவை. ஒரு மணிக்கு வெளியே வருகிறவருக்கு அலுப்பு கண்ணில் இல்லை. கெண்டைக்காலிலும் காதிலும் இருக்கிறது. "கண்ணு சொக்குது" என்று எழுதிவிட்டால் ஷிப்டை மாற்றிவிட்டீர்கள் என்று பொருள்.

மூடிய மில்லுக்கு ஆளை அனுப்பாதீர்கள்

கோவையின் முதல் நூற்பாலை 1888-இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் மளமளவென்று பெருகின. சங்குச் சத்தத்தைக் கேட்டே ஊர் மணி பார்த்த காலம் அது. பாட்டு எழுதுகிறவர் மனசு அந்தச் சங்குக்குத்தான் உடனே ஓடும். ஆனால் ஸ்டேன்ஸ் உட்பட என்.டி.சி. வசம் போன மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை, பிறகு பழையபடி ஓடவில்லை. இன்றைய ஆளை அந்த வாசலிலிருந்து வெளியே வரச் சொன்னால், சிங்காநல்லூரில் கேட்கிற முதல் ஆளே சிரிப்பார். பழைய காலப் பாட்டென்றால் சங்கை ஊதுங்கள். இன்றைய பாட்டென்றால் மில் ஊருக்கு வெளியே இருக்கிறது, ஆள் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்.

அவர் ஆணா பெண்ணா என்பதையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவு ஷிப்டில் வேலைக்கு வைக்கத் தடை போட்டிருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியபோது பல நிபந்தனைகள் விதித்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் வண்டி அவற்றில் ஒன்று. ஆகவே நள்ளிரவில் தனியே நடக்கிற பெண்ணை எழுதினால், "வண்டி என்ன ஆச்சு?" என்ற கேள்வி பாட்டுக்குள் வந்தே ஆக வேண்டும். அதற்குப் பதில் சொல்லாமல் அழகுக்காக அவளை நடக்க விடாதீர்கள். நாம் கட்டப்போகும் பாட்டில் நடப்பவர் ஐம்பதை நெருங்கிய ஆண், ஸ்பின்னிங்கில் அறுந்த இழையை ஒட்டுகிற சைடர்.

காதிலிருந்து தொடங்குங்கள்

ஆளில்லாத வீதி என்றதும் "நிசப்தம்" என்று எழுதுவோம். எட்டு மணி நேரம் ஸ்பின்னிங்கில் நின்றவருக்கு நிசப்தம் கிடையாது. ரிங் ஃப்ரேம் ஓடுகிற கொட்டகையில் பக்கத்து ஆளிடம் பேச வேண்டுமானால் காதருகே வாயை வைத்துக் கத்த வேண்டும், இல்லையென்றால் சைகைதான். அந்த இரைச்சல் வெளியே வந்த பிறகும் ரீங்காரமாகக் காதில் நிற்கும், கொஞ்ச நேரத்துக்கு மற்ற சத்தங்கள் மங்கலாகவே கேட்கும். வீதிதான் அமைதி, அவருக்கு மில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவே நமக்கு முதல் வரி:

காதுல இன்னும் ஓடுது மில்லு

அடுத்தது தோல். இழை அறுகாமல் இருக்க ஸ்பின்னிங்கில் காற்றை ஈரப்பதத்தோடு வைத்திருப்பார்கள். மிஷினின் சூடும் சேர்ந்தால் சட்டை உடம்போடு ஒட்டியே இருக்கும். அதே சட்டையோடு வெளியே வந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று. ஆடி மாதம் என்று வைத்துக்கொண்டால் அந்தக் காற்றுக்கு வேறு அறிமுகம் தேவையில்லை. கோவை இரவை "புழுக்கம்" என்று எழுதுகிறவர் சென்னையிலிருந்து எழுதுகிறார். இரண்டாவது வரி:

காத்துல ஈரச் சட்டையும் சில்லு

காது, காத்து என்று மோனை தானாகவே விழுந்துவிட்டது. இதற்கு மேல் நிலா வேண்டுமா என்று இப்போது கேட்டுப் பாருங்கள்.

பஞ்சைப் பனி ஆக்காதீர்கள்

புருவத்திலும் மயிரிலும் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசியைப் பார்த்ததும் "பனி பெய்த தலை" என்று ஒரு வரி கை நுனியில் வந்து நிற்கும். விடுங்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குள்ளும் போகிறது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு வருகிற பிசினோசிஸ் நோயில், லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுக்கம் கூடுதலாக இருக்கும். நோயைப் பாடச் சொல்லவில்லை, இந்தப் பாட்டு அதைத் தாங்காது. ஆனால் தெரிந்த பிறகு அதை அலங்காரமாக்க மனசு வரக்கூடாது. பஞ்சு வந்தே தீர வேண்டுமென்றால் வீட்டு வாசலில் துண்டை உதறுகிற செயலாக வரட்டும்.

பெருமைக்குக் காரணம் வேலைக்குள் இருக்கிறது, அங்கே தேடுங்கள்

இந்தப் பாட்டு தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "பெருமை" என்று சொல்லாமல் பெருமையைக் காட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எதைக் காட்டுவது என்பதுதான் தெரியாது. தெரியாததால் உழைப்பு, வேர்வை, குடும்பத்துக்குச் சோறு என்று பொதுவாக ஓடிவிடுகிறோம். சைடர் என்ன செய்கிறார் என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.

ஒரு ரிங் ஃப்ரேமில் ஏறக்குறைய ஆயிரம் ஸ்பிண்டில் இருக்கும். அவர் பொறுப்பில் சில ஃப்ரேம்கள். ஒவ்வொரு ஸ்பிண்டிலிலும் ஓர் இழை ஓடுகிறது. ஓடுகிற இழைகளில் எங்காவது ஒன்று அறுந்துகொண்டே இருக்கும். அவர் ஃப்ரேம்களுக்கு நடுவே இருக்கிற சந்தில் போய்த் திரும்பி நடந்துகொண்டே கண்ணால் துழாவி, அறுந்த இடத்தில் நிற்பார். அந்த ஒரு ஸ்பிண்டிலை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி, சுற்றிய நூலிலிருந்து முனையைப் பிடித்து எடுத்து, டிராவலருக்குள் மாட்டி, மேலே கொண்டுபோய் முன் ரோலரிலிருந்து வழிந்துவரும் பஞ்சிழையோடு தொட்டுவிடுவார். முறுக்கு ஏறி இரண்டும் ஒன்றாகிவிடும். எல்லாம் சில நொடிகள். இதுதான் பீசிங். ஒரு ஷிப்டில் இப்படி நூற்றுக்கணக்கில்.

இதில் திறமை எங்கே என்றால், ஒட்டிய இடம் தெரியக்கூடாது. முனையை நீளமாக விட்டால் அந்த இடம் தடித்துப்போகும். குறைவாகத் தொட்டால் மறுபடி அறும். தடித்த இடம் கோன் வைண்டிங்கில் மாட்டும். அங்கே நூலின் தடிமனைக் கண்காணிக்கிற கருவி அதை வெட்டி எறிந்துவிட்டு வேறு இணைப்பு போடும். அப்படித் தப்பி வந்தால் துணியில் ஒரு திட்டாக நிற்கும். ஆகவே நல்ல சைடரின் வேலைக்கு அடையாளமே கிடையாது. துணியைக் கட்டிக்கொள்கிறவருக்கு இப்படி ஒருவர் இருந்தார் என்றே தெரியாது. அவருக்குத் தெரியும். "உள்ளுக்குள் பெருமை" என்று நம்மிடம் கேட்டது இதுதான்:

ஒட்டின எடமே தெரியல துணியில
கட்டின ஆளும் கேக்கல என்னெ

புகார் மாதிரியும் கேட்கும், மிடுக்கு மாதிரியும் கேட்கும். எது என்பதைப் பாடுகிறவர் குரல் தீர்மானிக்கட்டும், நீங்கள் தீர்மானிக்காதீர்கள்.

கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள், பாட்டில் வைக்காதீர்கள்

40-ஆம் நம்பர் நூல் என்றால் 840 கஜச் சிட்டம் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதாவது ஒரு பவுண்டில் 33,600 கஜம், சுமார் 30 கிலோமீட்டர் நூல். ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 16,000 சுற்று ஓடினால் அந்த நூல் நிமிடத்துக்கு 15 மீட்டர் அளவில் வரும். ஆயிரம் ஸ்பிண்டிலுக்கு நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர். நின்ற நேரம், அறுந்த நேரம் எல்லாம் கழித்தாலும், ஒரே ஃப்ரேம் ஒரு ஷிப்டில் போடுகிற நூல் 7,000 கிலோமீட்டரை ஒட்டிப் போகும். காஷ்மீருக்கும் குமரிக்கும் நேர்கோட்டில் ஒரு முறை போய் வந்தாலும் மிச்சம் இருக்கும்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கே கை பரபரத்தது. "காசுமீரு தொட்டு வந்த நூலு" என்று எழுதியும் வைத்தேன். மெட்டிலும் உட்கார்ந்தது. ஆனால் அது மில் முதலாளி தன் விளம்பரத்தில் போடுகிற வரி. ஆயிரம் ஸ்பிண்டிலைச் சுற்றவிட்டது மின்சாரம். அறுந்த ஒன்றை ஒட்டியது இவர் விரல். ஒரு மணிக்கு வீட்டுக்கு நடக்கிறவர் தன் நூலைக் கிலோமீட்டரில் அளந்துகொண்டு நடப்பதில்லை. கணக்கு எழுதுகிறவருக்குத் தெம்பு தரும், அவ்வளவுதான். வரியை அடித்துவிட்டேன்.

சம்பளத் தொகையும் வேண்டாம். இரண்டு வருடத்தில் பாட்டு பழசாகிவிடும்.

நடைக்கு ஏற்ற மெட்டைப் பிடியுங்கள்

மெட்டு உங்கள் கையில் வந்து சேர்ந்திருந்தால் இந்தப் பகுதி பாதிதான் உதவும். மெட்டைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் முதலில் காலைக் கேளுங்கள். நடை என்பது இரண்டு கால். அதனால் நாலு நாலாக எண்ணுகிற சதுரஸ்ரம் அதற்கு எளிதாகப் பொருந்தும். மும்மூன்றாக எண்ணுகிற திஸ்ரத்தில் எழுதினால் தாலாட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். அலுப்பு என்றதும் பலர் திஸ்ரத்துக்குப் போவது அந்தத் தாலாட்டு வாசனைக்காகத்தான். ஆனால் இவர் இன்னும் தூங்கப் போகவில்லை, நடந்துகொண்டிருக்கிறார்.

நாம் எடுத்துக்கொண்ட தத்தகாரம் இது:

தானன தானா தானன தானா

ஒவ்வொரு சீருக்கும் நாலு மாத்திரை, ஒரு சீருக்கு ஓர் அடி எடுத்துவைப்பு. ஒரு வரியில் நாலு அடி. தானன இருக்கும் இடத்தில் தானா, தந்தன, தந்தா எது வந்தாலும் கணக்கு நிற்கும். "காதுல" என்பது தானன. "இன்னும்" என்பது தந்தா. "ஓடுது" மறுபடி தானன. "மில்லு" என்பதில் ஒரு மாத்திரை குறைகிறது, அந்த இடத்தில் மூச்சு விடலாம்.

"ஒட்டின எடமே தெரியல துணியில" என்ற வரியைப் பாருங்கள். "தெரியல துணியில" என்று எட்டும் குறிலாக ஓடுகிறது. களைத்த நடையில் இத்தனை குறில் வந்தால் ஓடுகிற மாதிரி கேட்கும், பொதுவாக இதைத் தவிர்க்கச் சொல்வேன். இங்கே அந்த வரி காலைப் பற்றியது இல்லை, விரலைப் பற்றியது. விரல் வேகமானது. அடுத்த வரியில் "ஆளும்" என்று நெடிலோடு நடை பழையபடி தளர்ந்துவிடுகிறது. ஒரு விதியை மீறினால் அடுத்த வரியிலேயே திரும்பி வந்துவிடுங்கள்.

இழுக்கிற இடத்தில் இழுக்க முடிந்த எழுத்தை வையுங்கள்

மெட்டு எங்கே நீளுகிறதோ அங்கே நெடில் வேண்டும், அல்லது ம், ன், ங், ல் போல மூச்சு கசிகிற ஒற்று வேண்டும். க், ட், ப் வந்தால் குரல் அடைபடும், பாடுகிறவர் வேறு வழியில்லாமல் முந்தைய உயிரைப் பிடித்துத் தொங்குவார். சொல்லின் கடைசி உகரமும் அப்படித்தான். "வீடு" என்று முடித்து இழுக்கச் சொன்னால் "வீடூ" என்றுதான் வரும், சோகம் சிரிப்பாகிவிடும். "மில்லு", "சில்லு" இரண்டும் உகரத்தில் முடிகின்றன. அதனால் அவற்றைச் சட்டென்று விட்டுவிட வேண்டும். நீட்ட வேண்டுமானால் உள்ளே இருக்கிற ல்-இல் நீட்டலாம்.

நம் பாட்டில் அவர் காதில் ரீங்காரம் இருக்கிறது என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டோம். ஆகவே வரி முடிவுகளில் ம், ங் வருகிறபோதெல்லாம் அந்த ரீங்காரம் தானாகவே கேட்கும். "ரீங்காரம்" என்ற சொல்லைப் பாட்டில் எழுத வேண்டிய தேவையே இல்லை.

பல்லவியை இதை வைத்துத்தான் கட்டினேன். மில்லுக்குள் சந்தில் போய்த் திரும்பிப் போய்த் திரும்பி நடந்த நடை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. ஆனால் இந்த நடை சேர்க்கும். அதுதான் பல்லவிக்குள் இருக்கிற செய்தி:

எந்திரச் சந்துல எத்தனை நடையோ
இந்த நடைதான் ஊடு வரைக்கும்

"நடையோ" ஓகாரத்தில் முடிகிறது, எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். "வரைக்கும்" மகரத்தில் அடங்குகிறது. எந்திர, இந்த என்று எதுகையும் எ, இ என்று மோனையும் அமைந்தன. எல்லாம் சரி, ஒரு சிக்கல்தான். மில்லில் யாரும் "எந்திரம்" என்று சொல்ல மாட்டார்கள். மிஷின் என்பார்கள், இல்லையென்றால் ஃப்ரேம். "எந்திரம்" என்று பாடிய உடனே அவர் நம் ஆளாக இல்லாமல் மேடைப் பேச்சாளராகிவிடுகிறார். எதுகையைக் கொடுத்து ஆளை வாங்கினேன்:

ஃப்ரேமுச் சந்துல எத்தனை நடையோ
இந்த நடைதான் ஊடு வரைக்கும்

எதுகை முழுக்கப் போகவில்லை, "சந்துல", "இந்த" என்று ஒரு சீர் தள்ளி ஒளிந்திருக்கிறது. சினிமா மெட்டுக்கு இது போதும். மரபுக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கொங்குத் தமிழைத் தூவாதீர்கள்

வரிக்கு வரி "ஏனுங்", "போங்", "வாங்" என்று தெளித்தால் கொங்கு ஆகிவிடும் என்ற நம்பிக்கை சினிமாவில் நெடுங்காலமாக இருக்கிறது. நகைச்சுவைக் காட்சிகளுக்கு அது ஓடும். இந்த ஊர் வழக்கை ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் 'நாகம்மாள்' நாவலில் கொண்டுவந்தபோது அது சிரிப்புக்காக இல்லை, ஆட்கள் அப்படிப் பேசுகிறார்கள் என்பதற்காக வந்தது.

யோசித்துப் பாருங்கள், "ங்க" என்பது எதிரே ஒருவர் இருந்தால் வருகிற மரியாதை. ஆளில்லாத வீதியில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடக்கிறவர் யாருக்கு மரியாதை கொடுப்பார்? தன்னோடு பேசும்போது வழக்கு உயிரெழுத்திலும் வினைமுற்றிலும் இருக்கும்: ஊடு, கேக்கல, எடம், என்னெ. அவ்வளவு போதும். "என்ற ஊடு" என்று எழுத எனக்கு ஆசை உண்டு, இங்கே "என்னுடைய"வுக்கு அதுதான் சொல். ஆனால் ஈரோட்டைத் தாண்டினால் கேட்பவர்கள் "என்ற" என்பதை வேறாக எடுத்துக்கொண்டு, வாக்கியத்தின் மீதி எங்கே என்று காத்திருப்பார்கள். ஆல்பத்துக்கு என்றால் தவிர்க்கலாம், ஊர்க் கச்சேரிக்கு என்றால் தாராளமாக வைக்கலாம்.

"ங்"-ஐ ஒரே ஒரு இடத்துக்காகச் சேமித்து வையுங்கள். கோவையில் குழாய்த் தண்ணீர் எந்த நேரத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது, சில வீதிகளில் நடு ராத்திரியில் விடுவார்கள். அந்த இரவில் வீதி முழுக்கத் தூங்கினாலும் ஒரு வாசலில் யாராவது குடத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். பல்லவி இரண்டாம் முறை முடிந்து சரணம் தொடங்குவதற்கு முன் இசை ஓயட்டும். அங்கே ஒரு பெண் குரல், பாடாமல், பேச்சாக:

"ஏனுங்ணா, அரை நைட்டுங்களா?"

அவர் பதில் இரண்டே அசை: "ஆமாங்." இந்த "ங்" நிற்கட்டும். இசையமைப்பாளர் கெட்டிக்காரராக இருந்தால் அதே ஸ்வரத்தில் தம்புராவையோ சிந்தசைசரையோ பிடித்து, மில் இரைச்சலாக நீட்டி, "காதுல இன்னும் ஓடுது மில்லு" என்ற வரிக்குள் கொண்டுபோய் விடுவார். மரியாதைச் சொல்லின் கடைசி மூக்கொலி மிஷின் சத்தமாக மாறுவது இந்த ஊர்ப் பேச்சில்தான் நடக்கும். தூவியிருந்தால் இந்த இடம் கிடைத்திருக்காது.

வீதியில் நாய் உண்டு. பின்னிரவில் நடக்கிற எல்லோருக்கும் முதல் கவலை அதுதான். ஆனால் தினமும் பார்க்கிற நாய் குரைக்காது, கொஞ்ச தூரம் கூட வரும். இடம் இருந்தால் ஒரு வரி கொடுங்கள், இல்லையென்றால் பின்னணி ஒலியில் விட்டுவிடுங்கள்.

வேறு பாட்டை இதற்குள் இழுக்காதீர்கள்

கோவை மில் தொழிலாளி என்றதும் வரலாறு வந்து கதவைத் தட்டும். 1946 ஜனவரி 8-ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வர், ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன், இந்த மண்ணில் மில் வேலை செய்தவர்கள். அவர்களுக்குத் தனியாகப் பாட்டு வேண்டும். அதைக் கூட்டமாகப் பாட வேண்டும், பறையோடு பாட வேண்டும். ஒற்றை ஆள் முணுமுணுத்துக்கொண்டு போகிற பாட்டில் அவர்களை ஒரு வரிக்குக் கூப்பிட்டால் இரண்டுமே சிறுத்துப்போகும். "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்" என்பதும் அப்படியே. அது பாடப்புத்தகத்துக்கும் வரவேற்பு வளைவுக்கும் உரிய சொல், மான்செஸ்டரில் அரை நைட் கிடையாது.

"உழைப்பே உயர்வு" வகை முடிவுரையும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

வரிசையை ஒருமுறை மாற்றிப் பாருங்கள்

இதுவரை கட்டியதைச் சேர்த்து வைத்தால்:

ஃப்ரேமுச் சந்துல எத்தனை நடையோ
இந்த நடைதான் ஊடு வரைக்கும்

காதுல இன்னும் ஓடுது மில்லு
காத்துல ஈரச் சட்டையும் சில்லு
ஒட்டின எடமே தெரியல துணியில
கட்டின ஆளும் கேக்கல என்னெ

சரணத்தில் உடம்பு முன்னால் வருகிறது, வேலையின் மிடுக்கு பின்னால் வருகிறது. தலைகீழாக வைத்துப் பாடிப் பார்த்தேன். மிடுக்கு முதலில் வந்தால், பின்னால் வருகிற ஈரச் சட்டை பரிதாபமாகிவிடுகிறது: இவ்வளவு செய்தவருக்கு இந்தக் கதியா என்று கேட்பவர் நினைப்பார். குளிர் முதலில் வந்தால் அது வெறும் குளிர்தான். பிறகு வருகிற வரியில் முதுகு நிமிர்கிறது. பல்லவிக்குத் திரும்பும்போது "இந்த நடைதான்" என்பதன் அழுத்தமும் மாறிவிடுகிறது. முதல் முறை அலுப்பு, இரண்டாம் முறை உரிமை.

எழுதியதை ஸ்பின்னிங்கில் இருப்பவரிடம் கொடுங்கள்

கவிஞர் நண்பரிடம் கொடுத்தால் எதுகையைத் திருத்துவார். சைடரிடமோ டாஃபரிடமோ பாடிக் காட்டி, "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நல்லா இருக்கு என்று சொல்லிவிடுவார்கள். "இதுல எந்த வார்த்தை நீங்க சொல்ல மாட்டீங்க?" என்று கேளுங்கள். சில மில்லில் ஃப்ரேம் என்பதைவிட "மிஷினு" என்பதுதான் அதிகம் புழங்கும். அப்படிச் சொன்னால் "மிஷினுச் சந்துல" என்று மாற்றுங்கள், மாத்திரை அப்படியே நிற்கும். "ஒட்டின" என்பதற்குப் பதில் "பீஸ் போட்ட" என்று சொல்வார்கள் என்றால் யோசியுங்கள். அவர்களுக்கு அது சரியான சொல், ஆனால் மில்லுக்கு வெளியே இருக்கிறவருக்குத் துணித்துண்டு நினைவுக்கு வரும், அதோடு "கட்டின" என்பதோடு இருக்கிற எதுகையும் போய்விடும். இந்த ஒரு இடத்தில் நான் "ஒட்டின"வையே வைத்துக்கொள்வேன்.

இரண்டாவது சரணம் வேண்டும் என்று இசையமைப்பாளர் கேட்பார், பாட்டு நாலு நிமிடம் வர வேண்டும் என்பார். வீட்டுக் கதவு, தூங்குகிற பிள்ளை, மூடி வைத்த சாப்பாடு என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நம்மிடம் கேட்டது வீதி. அவர் வீட்டுக்குள் போய்விட்டால் வேறு பாட்டு தொடங்கிவிடும். நிமிடம் போதவில்லை என்றால் இடையிசையை நீட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்த நாய்க்கு ஒரு சரணம் எழுதிக் கொடுங்கள்.